25 வாட்-மணியில் ஒரு வீடு

கென்யாவின் மேற்குப் பகுதியிலோ மலைநாட்டிலோ மின்கம்பம் எட்டாத ஒரு கிராமத்து வீட்டை எடுத்துக்கொள்வோம். தகரக் கூரையின் மேல் ஒரு சிறு சோலார் பேனல். அதிலிருந்து மெல்லிய வயர் ஒன்று இறங்கி, சுவரில் மாட்டிய பெட்டிக்குள் போகிறது. அந்தப் பெட்டி இரண்டு எல்.இ.டி. பல்புகளை இரவில் ஐந்து மணி நேரம் எரிய வைக்கிறது. போனுக்குச் சார்ஜ் போடுகிறது. ரேடியோவைப் பாட வைக்கிறது. காலையில் அந்த வீட்டுக்காரருக்குத் தேநீர் வேண்டுமானால் அவர் விறகையோ கரியையோதான் மூட்டுகிறார். பெட்டியில் முதல்நாள் மின்சாரம் மிச்சம் இருந்தாலும் அதை வைத்து ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க முடியாது. இரண்டு பல்பும் ஐந்து மணி நேரம் எரியும் வீட்டில் ஒரு கெட்டில் ஐந்து நிமிடம் ஓடாதது ஏன்?

இந்தக் கேள்விக்கான விடையில்தான் இந்த வகைப் பெட்டிகளின் பலமும் எல்லையும் இருக்கின்றன. கணக்கு எளிமையானது, கூட்டலும் பெருக்கலும் போதும்.

முதலில் பெட்டியைப் பற்றி. நைரோபியைச் சேர்ந்த எம்-கோபா நிறுவனம் 2012 முதல் கென்யாவில் இதைத் தவணை முறையில் விற்கத் தொடங்கியது. 2015 வாக்கில் அதன் அடிப்படைப் பெட்டியில் 8 வாட் பேனல், எல்.இ.டி. விளக்குகள், போன் சார்ஜர், சார்ஜ் ஏற்றும் ரேடியோ, ஒரு டார்ச் விளக்கு. முன்பணம் 2,999 ஷில்லிங். பிறகு நாளுக்கு 50 ஷில்லிங் வீதம் 365 நாள். பணம் கட்டிய நாட்களுக்குப் பெட்டி வேலை செய்யும். கட்டாத நாளில் நின்றுவிடும். கடைசித் தவணையோடு பெட்டி சொந்தமாகிவிடும். நம்மூரில் தண்டல் என்று சொல்வோமே, அந்த அன்றாடத் தவணைதான். வசூலிக்க யாரும் வீட்டு வாசலுக்கு வருவதில்லை என்பது மட்டும் வேறுபாடு. கென்யாவில் 2007-லேயே எம்-பெசா வந்துவிட்டது. சாதாரண பட்டன் போனிலிருந்தே பணம் அனுப்பும் சேவை அது. அது இல்லாவிட்டால் நாளுக்கு 50 ஷில்லிங் வசூலிக்கும் செலவே 50 ஷில்லிங்கை விழுங்கியிருக்கும்.

இனி மின்சாரக் கணக்கு. வாட் என்பது ஒரு கருவி எவ்வளவு வேகமாக மின்சாரத்தைச் செலவழிக்கிறது என்பதைச் சொல்லும். வாட்டை மணியால் பெருக்கினால் மொத்தச் செலவு, அதாவது வாட்-மணி கிடைக்கும். 10 வாட் பல்பு 5 மணி நேரம் எரிந்தால் 50 வாட்-மணி. நம் மின்கட்டண அட்டையில் வரும் ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி.

8 வாட் பேனல் ஒரு நாளில் எவ்வளவு தரும்? கென்யாவில் பகல் சுமார் 12 மணி நேரம். 8-ஐ 12-ஆல் பெருக்கி 96 என்று சொல்லத் தோன்றும். அது தவறு. பேனலின் மேல் எழுதியிருக்கும் 8 வாட் என்பது ஆய்வகத்தில், ஒரு சதுர மீட்டரில் 1,000 வாட் ஒளி விழும்போது, பேனல் 25 டிகிரி வெப்பத்தில் இருக்கும்போது அளந்தது. அந்த அளவு ஒளி உச்சி வெயிலில் மட்டும்தான் கிடைக்கும். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்து விழும், மேகம் வரும், போகும். இவை எல்லாவற்றையும் கூட்டி, இந்த ஒளி எத்தனை மணி நேர உச்சி வெயிலுக்குச் சமம் என்று கேட்டால் கென்யாவின் பெரும்பகுதிக்கு சுமார் 5 மணி நேரம் என்று விடை வரும். வானிலை நிலையங்களில் கதிர்வீச்சு அளவி என்ற கருவி, கண்ணாடிக் கவிகைக்குள் இருக்கும் ஒரு கருப்புத் தகடு எவ்வளவு சூடாகிறது என்பதை வைத்து நாள் முழுதும் விழும் ஒளியை அளந்துகொண்டே இருக்கிறது. நிலையம் இல்லாத இடங்களுக்குச் செயற்கைக்கோள் எடுக்கும் மேகப் படங்களிலிருந்து கணக்கிடுகிறார்கள். இந்த 5 மணி அப்படி வந்தது.

ஆக 8 பெருக்கல் 5, 40 வாட்-மணி. அதுவும் முழுதாகக் கைக்கு வராது. தகரக் கூரையில் நண்பகலில் பேனல் 55, 60 டிகிரிக்குச் சூடாகும். சிலிக்கான் பேனல் சூடாகச் சூடாக மின்சாரம் குறையும்; ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம். அந்த வகையில் எட்டில் ஒரு பங்கு போய்விடும். தூசி கொஞ்சம் தின்னும். பேட்டரிக்குள் ஏறும்போதும் இறங்கும்போதும் கொஞ்சம் வெப்பமாகக் கழியும். கடைசியில் பல்புக்கும் போனுக்கும் வந்து சேர்வது நல்ல நாளில் சுமார் 25 வாட்-மணி.

ஒரு யூனிட்டில் நாற்பதில் ஒரு பங்கு அது. தமிழ்நாட்டில் 2016-இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக்கினார்கள். அந்த 100 யூனிட்டை இந்தப் பெட்டி சேர்க்க வேண்டுமானால் 4,000 நாள், ஏறத்தாழ 11 ஆண்டு ஆகும்.

இந்த வீட்டை அன்றாடக் கூலியில் ஓடும் குடும்பமாகப் பார்த்தால் கணக்குத் தெளிவாகும். நாள் வரவு 25. ஒவ்வொன்றும் 1.2 வாட் எடுக்கும் இரண்டு பல்புகள் ஐந்து மணி நேரம் எரிந்தால் செலவு 12. பட்டன் போனின் பேட்டரி சிறியது; வீணாவதையும் சேர்த்து 5-க்குள் நிரம்பிவிடும். ரேடியோ ஒரு வாட் எடுத்தால் ஐந்து மணிக்கு 5. டார்ச்சுக்கு 2. மொத்தம் 24. கையில் மிஞ்சுவது ஒன்று. பெட்டியை வடிவமைத்தவர்கள் இந்த வரவையும் செலவையும் பொருத்தித்தான் பேனலையும் பேட்டரியையும் தேர்ந்தெடுத்தார்கள். அதனால்தான் பட்டன் போனுக்குப் பதில் ஸ்மார்ட்போன் வீட்டுக்குள் வந்ததும் கணக்கு இடிக்கிறது. 5,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி கொண்ட ஸ்மார்ட்போனை முழுதாக நிரப்ப, வீணாவதையும் சேர்த்து 22 முதல் 25 வாட்-மணி வேண்டும். ஒரு நாள் கூலி மொத்தமும் அதற்கே போகும். விளக்கா, போனா என்று குடும்பம் முடிவு செய்ய வேண்டியதுதான்.

இவ்வளவு குறைந்த வரவில் விளக்கு எப்படிச் சாத்தியமானது? பேனல் மலிவானது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் பல்பு. பழைய குண்டு பல்பில் இதே வெளிச்சம் வேண்டுமானால் ஒவ்வொன்றும் 12 வாட்டாவது எடுக்கும். இரண்டு பல்பு, ஐந்து மணி நேரம் என்றால் 120 வாட்-மணி. பேனல் ஐந்து மடங்கு பெரிதாக வேண்டும், பேட்டரியும் அப்படியே. 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரகாசமான நீல எல்.இ.டி.யை உருவாக்கினார்கள். நீல ஒளியின் மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சைப் பூசினால் வெள்ளை வெளிச்சம் கிடைக்கிறது. இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது அதற்காகத்தான்.

மண்ணெண்ணெயோடு ஒப்பிட்டால் இந்த மாற்றத்தின் அளவு இன்னும் வியப்பாக இருக்கும். கென்யாவில் தகர டப்பாவில் திரி போட்டு எரிக்கும் விளக்கைக் கொரோபோய் என்கிறார்கள். நம் காடா விளக்கின் உறவு. அது மணிக்கு 15 மில்லி லிட்டர் மண்ணெண்ணெய் குடித்தால், உள்ளே எரியும் ஆற்றல் சுமார் 150 வாட். ஒளியை லூமன் என்ற அலகால் அளக்கிறோம். அந்தச் சுடர் தருவது 10 லூமன் அளவுதான். 1.2 வாட் எல்.இ.டி. 120 லூமன் தருகிறது. நூற்றில் ஒரு பங்கைவிடக் குறைந்த ஆற்றலில் பன்னிரண்டு மடங்கு வெளிச்சம். மண்ணெண்ணெய்ச் சுடரில் ஏறக்குறைய எல்லாமே வெப்பமாகவும் கரிப்புகையாகவும் போய்க்கொண்டிருந்தது. வீணானது அவ்வளவு பெரிதாக இருந்ததால்தான் அதை நீக்கியதும் ஒரு சிறு பேனலே போதுமானதாகிவிட்டது.

இப்போது தேநீருக்கு வருவோம். உயரமான மலைநாட்டில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். 20 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டரை 95-க்கு ஏற்ற வேண்டும். இதற்குத் தேவையான வெப்பம் 87 வாட்-மணி. பாத்திரம் சூடாவதையும் காற்றில் போவதையும் சேர்த்தால் நூறு. நான்கு நாள் வரவு! நல்ல கருவி செய்து இதைக் குறைக்க முடியாதா என்று கேட்கலாம். விளக்கில் குறைத்தோமே? முடியாது. விளக்கில் வெப்பமாக வீணானதைத்தான் குறைத்தோம். சமையலில் நமக்கு வேண்டியதே வெப்பம். மின்சாரக் கம்பிச்சுருள் ஏற்கெனவே தான் எடுக்கும் மின்சாரம் முழுவதையும் வெப்பமாக்கிவிடுகிறது. மிச்சம் பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. மூடி போட்டுச் சமைக்கலாம், வெப்பம் வெளியேறாத குக்கர் வைக்கலாம், அதற்குமேல் தண்ணீரின் இயல்பு இடம் தராது. இஸ்திரிப் பெட்டியும் ஹீட்டரும் இதே வரிசையில்தான் வரும்.

வெளிச்சமும் செய்தியும் ஒரு பக்கம், வெப்பம் மறுபக்கம் என்று பிரித்துக்கொண்டால் எந்தக் கருவி இந்தப் பெட்டியில் ஓடும் என்பதை ஓரளவு நாமே சொல்லிவிடலாம். நடுவில் நிற்பவை அசைவு தரும் கருவிகள். மின்விசிறியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுப் பழைய சீலிங் ஃபேன் 75 வாட் எடுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. மோட்டார் விசிறி 30 வாட்டுக்குள் அதே காற்றைத் தருகிறது. பாதிக்குமேல் மிச்சம் என்பது பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் அது இரவு எட்டு மணி நேரம் ஓடினால் 240 வாட்-மணி, கிட்டத்தட்ட பத்து நாள் வரவு. சிறிய, மிகத் திறமையான நேர்மின் குளிர்சாதனப் பெட்டி கூட நாளுக்கு 100 வாட்-மணிக்கு மேல் கேட்கும். இவை இந்தப் பெட்டியின் எல்லைக்கு வெளியே.

டி.வி.யின் கதை வேறு. திரையின் பின்விளக்கும் எல்.இ.டி.தான் என்பதால் 16 அங்குல டி.வி. 10 வாட்டுக்குள் ஓடுகிறது. எம்-கோபா பின்னாளில் 20 வாட் பேனலோடு அந்த அளவு டி.வி.யையும் சேர்த்து விற்றது. வரவைப் பழையபடி கணக்கிட்டால் 62 வாட்-மணி. விளக்கு, போன், ரேடியோவுக்கு 24 போக 38 மிஞ்சும். டி.வி. நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும். மாலைச் செய்தி பார்க்கலாம், ஒரு கால்பந்து ஆட்டம் பார்க்கலாம். அதற்குப் பிறகு அணைக்க வேண்டும்.

மிக்சியை நினைத்துப் பார்க்கும் வாசகர்களுக்கு ஒரு சிக்கல் தோன்றலாம். 500 வாட் மிக்சி மூன்று நிமிடம் ஓடினால் செலவு 25 வாட்-மணிதானே, ஒரு நாள் வரவு அதற்குப் போதுமே? கூட்டல் சரி. ஆனால் 500 வாட்டை ஒரே நேரத்தில் தர வேண்டும். 12 வோல்ட் பேட்டரியில் அது 40 ஆம்பியருக்கு மேல். பெட்டியின் பேட்டரி அவ்வளவு மின்னோட்டத்தைத் தரக்கூடியது அல்ல. உள்ளே இருக்கும் மெல்லிய வயர் சூடேறி உருகிவிடும். அதற்கு முன்பே பாதுகாப்புச் சுற்று சில ஆம்பியரிலேயே துண்டித்துவிடும். மொத்தம் எத்தனை வாட்-மணி இருக்கிறது என்பதோடு, ஒரு நேரத்தில் எத்தனை வாட் எடுக்கலாம் என்பதும் தனியாக ஒரு வரம்பு. உலக வங்கி மின்வசதியை ஐந்து படிகளாகப் பிரிக்கும்போது இந்த இரண்டையுமே அளக்கிறது. முதல் படிக்குக் குறைந்தது 3 வாட்டும் நாளுக்கு 12 வாட்-மணியும் வேண்டும். இரண்டாம் படிக்கு 50 வாட்டும் 200 வாட்-மணியும். நம் பெட்டி முதல் படியில் நிற்கிறது.

தவணைப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். எம்-கோபா பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. எம்-பெசாவில் பணம் வந்ததும் நிறுவனத்தின் கணினி கைபேசிக் கோபுரம் வழியே பெட்டிக்குச் செய்தி அனுப்பி ஒரு நாளைக் கூட்டிவிடும். சிக்னல் இல்லாத ஊர்களுக்கு வேறு சில நிறுவனங்களிடம் இன்னொரு வழி. பணம் கட்டியவரின் போனுக்கு இலக்கங்களால் ஆன ஒரு குறியெண் வரும். அதைப் பெட்டியின் பொத்தான்களில் அடிக்க வேண்டும். பெட்டி யாரோடும் பேசுவதில்லை, ஆனாலும் அந்த எண் உண்மையானதா என்று கண்டுபிடித்துவிடும். தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு பெட்டிக்கும் தனி ரகசிய எண் கொடுத்துவிடுகிறார்கள்; அது நிறுவனத்தின் கணினியிலும் இருக்கும். இருபுறமும் அதே ரகசியத்தை வைத்து, எத்தனையாவது தவணை, எத்தனை நாள் என்பவற்றைச் சேர்த்து ஒரே கணக்கைப் போடுகின்றன. இரு விடையும் பொருந்தினால் பூட்டுத் திறக்கும். பக்கத்து வீட்டுக் குறியெண் பொருந்தாது, ஏனென்றால் ரகசியம் வேறு. போன வாரக் குறியெண்ணும் பொருந்தாது, தவணை எண் நகர்ந்துவிட்டது. பூட்டு என்பது பேட்டரிக்கும் பல்புக்கும் நடுவில் இருக்கும் ஒரு மின்னணுச் சுவிட்ச்தான். பொதுவாக அது வெளியே போகும் மின்சாரத்தை மட்டும் நிறுத்தும். பேனல் பேட்டரியை நிரப்புவதை நிறுத்தாது. இது முக்கியம். காலியாகவே கிடக்கும் பேட்டரி கெட்டுவிடும் என்பதால், பூட்டிய பெட்டியும் வெயிலில் நிரம்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த மின்சாரம் மலிவானதா? 2015 விலையில் மொத்தம் 21,249 ஷில்லிங் கட்டினார்கள். தவணை ஓடும் ஓராண்டில் கிடைப்பது சுமார் 9 யூனிட். யூனிட்டுக்கு 2,300 ஷில்லிங்குக்கு மேல்! பெட்டி நான்கு ஆண்டு உழைத்தால் 580 அளவுக்கு இறங்கும். கம்பி வழி மின்சாரம் இதில் ஒரு சிறு பங்கு விலைக்குக் கிடைக்கும். ஆனால் 2015 வரை கென்யாவில் ஒரு வீட்டுக்கு இணைப்பு வாங்க ஏறத்தாழ 35,000 ஷில்லிங் கட்ட வேண்டியிருந்தது. அந்த ஆண்டு அரசு அதை 15,000 ஆகக் குறைத்தது. அப்போதும் டிரான்ஸ்பார்மரிலிருந்து 600 மீட்டருக்குள் இருக்கும் வீடுகளுக்குத்தான். அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவர் யூனிட் விலையை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. மண்ணெண்ணெய்க்கும், கடையில் காசு கொடுத்துப் போன் சார்ஜ் போடுவதற்கும் ஏற்கெனவே செலவழித்த சில்லறையோடுதான் ஒப்பிடுகிறார். 50 ஷில்லிங் என்ற தவணை அந்தச் செலவை ஒட்டி வைக்கப்பட்டது. வெளிச்சத்தை அலகாக வைத்து விலை பேசினால் பெட்டி வெல்கிறது. யூனிட்டை அலகாக வைத்தால் தோற்கிறது. இரண்டுமே உண்மை. என் பார்வையில், விற்பவர் நாளுக்கு 50 என்பதோடு மொத்தம் எவ்வளவு, ரொக்கமாக வாங்கினால் எவ்வளவு என்பதையும் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும்.

எங்கே கோளாறு வரும்? மழைக்காலத்தில் முதலில் வரும். மார்ச் முதல் மே வரை நீண்ட மழை. மலைநாட்டில் ஜூலையிலும் வானம் மூடிக் கிடக்கும். வரவு பாதியாகும்போது சேமிப்பு ஓரிரு நாளில் கரைந்துவிடும். வாங்கியவர் பெட்டி பழுது என்று நினைப்பார், பழுதில்லை. இன்னொரு காரணம் நிழல். பேனலுக்குள் செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒரே மின்னோட்டம் எல்லாவற்றின் வழியாகவும் போக வேண்டும். வாழை இலை ஒன்றின் நிழல் ஒரு செல்லை மூடினாலும் மொத்தப் பேனலின் மின்சாரமும் படுத்துவிடும். திருட்டுக்குப் பயந்து பேனலை ஜன்னலுக்குள் வைப்பவர்களுக்கும் இதே கதிதான்.

உண்மையான பழுதைக் கண்டுபிடிக்க ஒரு வெயில் நாள் போதும். நாள் முழுக்க வெயில் அடித்தும் மாலையில் சார்ஜ் காட்டி நிறையவில்லை என்றால் கோளாறு பேனலில், வயரில், அல்லது நிழலில். மதியத்துக்குள்ளேயே நிறைந்துவிட்டது, ஆனால் இரவு எட்டு மணிக்கே விளக்கு அணைந்துவிட்டது என்றால் பேட்டரி மூப்படைந்துவிட்டது. அதன் கொள்ளளவு சுருங்கியதால்தான் சீக்கிரம் நிறைந்தது, சீக்கிரம் தீர்ந்தது.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் மணிக்கணக்கையும் கவனித்துப் படிக்க வேண்டும். இந்த வகைக் கருவிகளைச் சோதிக்க லைட்டிங் குளோபல் வகுத்த தர முறையில், நிறுவனம் கொடுக்கும் மாதிரியை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. கிடங்கிலிருந்து தாங்களே எடுத்துச் சோதிக்கிறார்கள். ஒரு சதுர மீட்டருக்கு 5,000 வாட்-மணி வெயில் விழும் ஒரு நாளில் நிரம்பும் மின்சாரத்தைக் கணக்கிட்டு, விளக்கு தொடக்க வெளிச்சத்தில் 70 சதவீதத்துக்குக் குறையும் வரை எத்தனை மணி எரிகிறது என்று அளக்கிறார்கள். அதற்குப் பிறகும் அது மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். அந்த மங்கல் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சோதனை ஏதும் இல்லாமல் '12 மணி நேரம் எரியும்' என்று மட்டும் எழுதியிருந்தால், அது எந்த வெளிச்சத்தில் என்று கேட்காமல் நம்புவதற்கில்லை.

மின்கம்பம் இல்லாத தோட்டத்துக்கோ மலைக்குடியிருப்புக்கோ யாராவது இப்படி ஒரு பெட்டியை வாங்க நினைத்தால், தவணையைக் கேட்பதற்கு முன் மூன்றைக் கேட்கச் சொல்லுங்கள்: நல்ல வெயில் நாளில் எத்தனை வாட்-மணி கைக்கு வரும், ஒரே நேரத்தில் எத்தனை வாட் எடுக்கலாம், பேட்டரி போனால் புதியது என்ன விலைக்கு, எங்கே கிடைக்கும். விளக்கும் போனும்தான் தேவை என்றால் 25 வாட்-மணி போதும். அடுப்பு வேண்டுமென்றால் எந்தத் தவணையிலும் இந்தப் பெட்டி உதவாது. அதற்கு வேறு ஏற்பாடு தேட வேண்டும்.